உங்களுக்குத் தெரியுமா? வைஃபை மாறுவது போனின் முடிவு!

அலுவலகத்தில் நடக்கும்போது எந்த வைஃபை பெட்டிக்கு, எப்போது மாறுவது என்று தீர்மானிப்பது பெட்டி அல்ல, உங்கள் போன்தான்.

• ஐபோன், சிக்னல் -70 டிபிஎம்முக்குக் கீழே போன பிறகே வேறு பெட்டியைத் தேடும். மேக் மடிக்கணினி -75 வரை பொறுக்கும்.

• அதியமான்கோட்டையில் ஓர் அலுவலகம் என்று வையுங்கள். போன் இணைந்திருக்கும் வாசல் பெட்டி -68, தலைக்கு மேலுள்ளது -45. ஆனாலும் ஐபோன் அசையாது; -68 இன்னும் எல்லையைத் தாண்டவில்லையே! இணைப்பு மட்டும் மந்தமாகும்.

• வாசல் பெட்டியின் அலைபரப்புத் திறனைக் குறைப்பதே முதல் மருந்து. அதன் சிக்னல் -73 ஆனதும் போன் தேடத் தொடங்கும். அளவுக்கு மீறிக் குறைத்தால் இடையில் சிக்னலே இல்லாத மூலைகள் உருவாகும். நடந்து பார்த்துச் சரிசெய்யுங்கள்.

• விண்டோஸ் மடிக்கணினியா? இன்டெல் வைஃபை அட்டை என்றால் `Roaming Aggressiveness` அமைப்பை ஒரு படி உயர்த்துங்கள்.