பேசினால் எரியும் விளக்கு: வாடகை வீட்டுக்கு பல்பா, சுவிட்சா?

என் பெண் பிரசவத்துக்கு வந்திருந்தபோதுதான் இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் ஆரம்பித்தது. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழும். மடியில் போட்டுப் பால் கொடுக்கிறவள் எழுந்து போய் விளக்குப் போட முடியுமா? சுவிட்ச் போர்டோ கதவோரம், கட்டிலோ ஜன்னலோரம். மாப்பிள்ளை ஒரு சின்ன ஸ்பீக்கரை வாங்கி அனுப்பிவிட்டு, "இதற்கேற்ற விளக்கு போட்டுவிடுங்கள் அத்தை, வாயால் சொன்னாலே எரியும்" என்றார். கடையில் போய் விசாரித்தால் இரண்டு வழி சொன்னார்கள். பல்பை மாற்றலாம், அல்லது சுவிட்சை மாற்றலாம். சொந்த வீடாக இருந்தால் இரண்டில் எதையும் செய்யலாம். நாங்கள் இருப்பதோ சென்னையில் வாடகை வீடு. பதினோரு வருஷத்தில் இது மூன்றாவது வீடு! அதனால் நன்றாக விசாரித்துத்தான் இறங்கினேன்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்மார்ட் பல்பு என்றால், சொல்வதைக் கேட்கும் சமாசாரம் பல்புக்குள்ளேயே இருக்கிறது. வீட்டு வைஃபையோடு அது எந்நேரமும் தொடர்பில் இருக்க வேண்டும். அதற்குக் கரண்ட் வேண்டும். ஆகவே சுவரில் உள்ள சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். ஸ்மார்ட் சுவிட்சில் அந்தச் சமாசாரம் போர்டுக்குள்ளே இருக்கிறது. விளக்கு நீங்கள் வழக்கமாக வாங்கும் சாதாரண விளக்குதான். இந்த ஒரு வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே புரியும்.

நாங்கள் படுக்கையறைக்கும் நடைக்குமாக இரண்டு பல்பு வாங்கினோம். அழுத்தித் திருப்பி மாட்டும் பழைய ஹோல்டர்தான் எங்களுடையது. அதற்கு பெட்டியில் B22 என்று போட்டிருக்கும். மரை வைத்துத் திருகுவதற்கு E27. வாங்கும்போது இதைப் பார்த்து வாங்குங்கள். மாட்டிவிட்டு சுவிட்சைப் போட்டால் பல்பு விட்டு விட்டு மின்னும். அப்போது போனில் அந்தக் கம்பெனியின் ஆப்பைத் திறந்து வைஃபை பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். என் மகன் பத்து நிமிஷம் தடுமாறினான். காரணம் என்னவென்றால், இந்த பல்புகளில் அநேகமாக எல்லாமே 2.4 GHz வைஃபையில் மட்டும்தான் சேரும். போன் 5 GHz-இல் இருந்தது. மாற்றியதும் சேர்ந்துகொண்டது. பிறகு அதே பல்பை ஸ்பீக்கரின் ஆப்பிலும் சேர்த்து ஒரு பெயர் வைக்க வேண்டும். சின்னப் பெயராக, மற்றதோடு குழம்பாத பெயராக வையுங்கள். 'பெட்ரூம் லைட்', 'பெட்ரூம் டூ லைட்' என்று வைத்தால் ஒன்றைச் சொன்னால் இன்னொன்று எரியும்.

குழந்தை இருக்கும் அறைக்கு இந்த பல்பு ஒரு வரப்பிரசாதம்தான். பத்து சதவிகித வெளிச்சம் என்று சொன்னால் மங்கலாக எரியும். மஞ்சள் வெளிச்சமாகவும் வைத்துக்கொள்ளலாம். குழந்தை கண்ணைச் சுருக்காமல் பால் குடித்துவிட்டு அப்படியே தூங்கிவிடும். சாதாரண விளக்கை ஸ்மார்ட் சுவிட்சில் மாட்டினால் போடலாம், அணைக்கலாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதற்குத் தனி வகை சுவிட்சும், அதற்கு ஒத்துவரும் பல்பும் வேண்டும்.

இனி தொல்லைக்கு வருகிறேன். என் மாமியாருக்கு எழுபத்திநாலு வயசு. அறையை விட்டு வெளியே வந்தால் கை தானாக சுவிட்சை அணைத்துவிடும். அந்தக் காலத்து சிக்கனம்! அவர் அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். நடு ராத்திரியில் என் பெண் நாலு தடவை சொல்லிப் பார்ப்பாள். விளக்கு எரியாது. கரண்டே போகாத பல்புக்கு என்ன சொல்லி என்ன? போனில் பார்த்தால் அந்த பல்புக்கு நேரே Offline என்று காட்டும். இப்படிக் காட்டினால் பல்பு கெட்டுப்போய்விட்டது என்று கழற்றாதீர்கள். முதலில் சுவிட்சைப் பாருங்கள், அடுத்து வைஃபையைப் பாருங்கள். வீட்டிலுள்ள எல்லா பல்புமே அப்படிக் காட்டினால் குற்றம் வைஃபையில். ஒன்று மட்டும் என்றால் அநேகமாக யாரோ சுவிட்சை அணைத்திருக்கிறார்கள்.

மாமியாரிடம் "அணைக்காதீர்கள் அம்மா" என்றால் சரி என்பார். மறுநாளும் அணைப்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஸ்பீக்கர் ஆங்கிலத்தில் சொன்னால்தான் கேட்கும். அவர் எப்படி அதோடு பேசுவார்? ராத்திரி பாத்ரூமுக்குப் போகிறபோது அவருக்குத் தடவினால் கிடைக்கிற ஒரு பொத்தான் வேண்டும். இருட்டில் கால் இடறி விழுந்தால் என்ன ஆவது? வாயால் எரிகிற விளக்கு என்று வாங்கிவிட்டு, கையால் போட முடியாமல் செய்துவிட்டால் அது வீட்டுக்கு உதவாது.

இதற்கு ஒரு வழி கிடைத்தது. பல்பு கம்பெனிகளில் சில, அதே பல்புக்கு பேட்டரியில் ஓடும் ரிமோட்டும் விற்கின்றன. வாங்கி, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்திலேயே சுவரில் ஒட்டிவிட்டோம். பழைய சுவிட்சைப் போட்ட நிலையில் வைத்து அதன்மேல் ஒரு துண்டு டேப். கை போகும் இடத்திலேயே பொத்தான் இருப்பதால் மாமியாருக்கு இரண்டே நாளில் பழகிவிட்டது. பல்பு வாங்கும்போதே, இதற்கு ரிமோட் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். வயசானவர்களும், வேலைக்கு வரும் பெண்ணும், விருந்தாளியும் நடமாடுகிற வீட்டில் இது இல்லாமல் ஸ்மார்ட் பல்பு வேண்டாம் என்பேன்.

இன்னும் இரண்டு விஷயம். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் சில பல்புகள் தானாகவே பளீரென்று எரியும். ராத்திரி மூன்று மணிக்கு இப்படி எரிந்து, தூங்கின குழந்தை எழுந்து ஒரே அழுகை. பல கம்பெனிகளின் ஆப்பில், கரண்ட் வந்ததும் முன்பு இருந்தபடியே இருக்கட்டும் என்று வைக்க ஓர் இடம் உண்டு. முதல் நாளே வைத்துவிடுங்கள். இரண்டாவது, குழந்தைகள் சுவிட்சைப் படபடவென்று போட்டுப் போட்டு அணைத்தால் பல்பு எல்லாவற்றையும் மறந்துவிட்டு, புதிதாக மாட்டினாற்போல் மின்ன ஆரம்பிக்கும். அதற்குச் சொல்லித்தந்த வழியே அதுதான். மறுபடி ஆப்பில் சேர்த்தால் சரியாகிவிடும்.

எந்நேரமும் சுவிட்ச் போட்டிருந்தால் கரண்ட் செலவாகாதா என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். அணைந்த நிலையில் ஒரு பல்பு அரை வாட் எடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 720 மணி நேரம். 360 வாட்-மணி, அதாவது யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். இரண்டு மாத பில்லில் ஒரு பல்புக்கு முக்கால் யூனிட்கூட வராது.

சரி, சுவிட்ச் பக்கம் என்ன? என் ஓரகத்தி தன் சொந்த ஃபிளாட்டில் அதைத்தான் போட்டிருக்கிறாள். பழைய சுவிட்சை எடுக்காமலே, அதன் பின்னால் போர்டுக்குள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டியை எலெக்ட்ரீஷியன் வைத்துவிட்டுப் போனார். கையாலும் போடலாம், வாயாலும் சொல்லலாம். நெட் போனால்கூட சுவிட்ச் வேலை செய்யும். யாருக்கும் எதுவும் சொல்லித்தர வேண்டாம். ஒன்றே ஒன்று, சுவிட்ச் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை வைத்து விளக்கு நிலையைச் சொல்ல முடியாது. அவள் வீட்டு ஹாலில் கூரையோடு பதித்த ஆறு விளக்கு ஒரே சுவிட்சில் எரிகின்றன. பல்பு வழியில் போனால் ஆறையும் மாற்ற வேண்டும். சுவிட்ச் வழியில் ஒன்று போதும். ஃபேனையும் அதில் சேர்த்திருக்கிறாள். போட, அணைக்க மட்டும்தான் வாய். வேகத்துக்குப் பழைய ரெகுலேட்டர்தான். வேகத்தையும் வாயால் மாற்ற வேண்டுமானால் ஃபேனுக்கென்றே உள்ள பெட்டி வேண்டும்.

கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வாடகை வீட்டில் இதற்கு மூன்று முட்டுக்கட்டை. முதலாவது நியூட்ரல் ஒயர். அந்தப் பெட்டி வேலை செய்ய ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் போர்டுக்குள் இருக்க வேண்டும். வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள போர்டில் பல வீடுகளில் ஃபேஸ் மட்டும் வந்து, நியூட்ரல் நேரே விளக்குக்குப் போய்விடும். வேலை செய்கிற பிளக் பாயின்ட் அதே போர்டில் இருந்தால் நியூட்ரல் அங்கே இருக்கும். நியூட்ரல் இல்லாமலும் ஓடும் வகை உண்டு. அது விளக்கு வழியாகக் கொஞ்சம் கரண்டை எடுத்துக்கொள்வதால், சின்ன எல்.இ.டி. பல்பு அணைத்த பிறகும் மினுக்மினுக்கென்று இருக்கலாம். எங்கள் நடையில் உள்ள போர்டில் இரண்டே சுவிட்ச்தான், பிளக் இல்லை. எலெக்ட்ரீஷியன் திறந்து பார்த்துவிட்டு நியூட்ரல் இல்லை என்று மூடிவிட்டார்.

இரண்டாவது முட்டுக்கட்டை வீட்டுக்காரர். போர்டைத் திறந்து ஒயரில் கை வைப்பதற்கு அவர் சம்மதம் வேண்டும். வாயால் சொன்னது போதாது, ஒரு மெசேஜாக வாங்கி வையுங்கள். அட்வான்ஸில் பிடித்துக்கொள்ள அது ஒரு சாக்காகக் கூடாது பாருங்கள். மூன்றாவது செலவு. மாட்டுவதற்கு ஒரு தடவை, காலி செய்யும்போது கழற்றிப் பழையபடி செய்வதற்கு ஒரு தடவை என்று எலெக்ட்ரீஷியன் கூலி இரட்டிப்பு. விளக்குக்கு பல்பு மாட்டுவதை நாமே செய்யலாம். இது மெயினை அணைத்துவிட்டுத் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை இப்படி முடிவு செய்தோம். படுக்கையறைக்கும் நடைக்கும் ஸ்மார்ட் பல்பு, கூடவே சுவரில் ரிமோட். ஹாலில் டியூப் லைட், அதைத் தொடவில்லை. சமையலறையில் எப்படியும் நான் நின்றுகொண்டுதானே இருக்கிறேன், அங்கே எதற்கு? கூரையோடு பதித்த விளக்குகள் மட்டுமே உள்ள புது ஃபிளாட்டில் வாடகைக்கு இருப்பவர்களும், வீட்டுக்காரர் உறவாகவோ தாராள மனசுள்ளவராகவோ அமைந்து நாலைந்து வருஷம் இருக்கப்போகிறவர்களும் சுவிட்ச் போடலாம். கழற்றின பழைய சாமான் எதையாவது எடுத்திருந்தால் ஒரு பையில் போட்டுத் தேதி எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

வீடு மாற்றும்போது பல்பைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்து, பழைய சாதாரண பல்பை மாட்டிவிட்டு வர வேண்டியதுதான். புது வீட்டில் நெட் கனெக்‌ஷன் கொடுக்க வருகிறவரிடம், வைஃபைக்குப் பழைய வீட்டில் இருந்த அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் வைக்கச் சொல்லுங்கள். எழுத்து ஒன்றுகூட மாறக் கூடாது. பல்பை மாட்டி சுவிட்சைப் போட்டதும் அதுவே வீட்டைத் தெரிந்துகொண்டதுபோல் சேர்ந்துகொள்ளும், ஆப்பில் மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியதில்லை.