திறந்தவர் யார்? ஸ்பிரிங்க்ளர் வழக்கும் தரவுத் தணிக்கையின் மூன்று கேள்விகளும்

பணக் கணக்கைத் தணிக்கை செய்பவருக்கு இருக்கும் ஒரு வசதி தரவுத் தணிக்கை செய்பவருக்கு இல்லை. பெட்டியிலிருந்து பணம் எடுக்கப்பட்டால் பெட்டியில் குறையும். ஆனால் ஒரு நிறுவனத்தின் கணினியிலிருந்து ஐயாயிரம் பேருடைய விவரங்கள் நகலெடுக்கப்பட்டாலும் அந்த ஐயாயிரம் பதிவுகளும் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கும். எனவே குறைவைத் தேடி இழப்பைக் கண்டுபிடிக்கும் வழி இங்கே பயன்படுவதில்லை. அதற்கு மாறாக மூன்று கேள்விகளைத் தணிக்கையாளர் கேட்கிறார்: விவரம் கொடுத்தவர் எதற்குச் சம்மதித்தார், அந்த விவரம் எவ்வளவு காலம் வைத்திருக்கப்படுகிறது, இடையில் அதை யார் யார் திறந்து பார்த்தார்கள். முதலாவது ஒப்புதல், இரண்டாவது தக்கவைப்பு, மூன்றாவது அணுகல் பதிவேடு, அதாவது கணினித் துறையினர் ‘லாக்’ என்று அழைக்கும் தானியங்கிக் குறிப்பேடு. இம்மூன்றும் ஒரே வழக்கில் சோதனைக்கு உள்ளான இடமாகத் திருவனந்தபுரத்தில் 2020ஆம் ஆண்டு எழுந்த ஸ்பிரிங்க்ளர் விவகாரத்தைக் கொள்ளலாம்.

நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்பிரிங்க்ளர், பெரிய வணிக நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் சொல்வதைத் திரட்டி வகைப்படுத்தித் தரும் மென்பொருளை விற்கும் நிறுவனம். கொரோனாப் பரவலின் தொடக்கத்தில், தனிமையில் வைக்கப்பட்டவர்களின் உடல்நிலை விவரங்களைத் திரட்டுவதற்கு அந்த மென்பொருளைக் கட்டணமின்றிப் பயன்படுத்தக் கேரள அரசு ஒத்துக்கொண்டது. களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று கேட்டறிந்தவை கைப்பேசி வழியே முதலில் sprinklr.com என்ற களப்பெயரின் கீழிருந்த பக்கத்திலும், எதிர்ப்பு எழுந்த பின்னர் kerala.gov.in என்பதன் கீழிருந்த பக்கத்திலும் பதிவாயின. ஏப்ரல் 10 அன்று அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா இதை வெளிப்படையாகக் கேள்விக்கு உட்படுத்தினார். ஏப்ரல் 24 அன்று நீதிபதிகள் தேவன் இராமச்சந்திரன், டி.ஆர். ரவி ஆகியோர் அடங்கிய கேரள உயர் நீதிமன்ற அமர்வு இடைக்கால ஆணை பிறப்பித்தது. தனிமனித மறைவுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அளித்த தீர்ப்பு இருந்தது. ஆனால் தரவுப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் அப்போது நாட்டில் இல்லை. அந்த நிலையில் பிறந்த ஆணை என்பதாலேயே அதன் கட்டளைகள் ஒரு தணிக்கையாளரின் வினாப்பட்டியலைப் போல அமைந்துவிட்டன.

ஏற்கெனவே திரட்டியவையும் இனித் திரட்டப்படுபவையும் அடையாளம் நீக்கப்பட்ட பின்னரே ஸ்பிரிங்க்ளருக்குக் காட்டப்பட வேண்டும் என்பது முதல் கட்டளை. அயல் நிறுவனம் ஒன்று இந்த விவரங்களை அணுகக்கூடும் என்று ஒவ்வொருவரிடமும் தெரிவித்து, அறிந்து தரும் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது அடுத்தது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணையானவை: வாங்கத் தவறிய ஒப்புதலைப் பின்தேதியிட்டு வாங்க முடியாது என்பதால், பழைய விவரங்களுக்கு அடையாள நீக்கம் ஒன்றே மீதமிருந்த பரிகாரம்.

அடையாள நீக்கம் என்பது பெயரை அடித்துவிடுவது என்று பல நிறுவனங்கள் கருதுகின்றன. இது பெருநகரில்கூடப் பிழை. திருவனந்தபுரம் மாவட்டத்தின் மலையோரத்தில் பொன்முடிக்கு ஏறும் வழியிலுள்ள வித்துரா போன்ற ஊராட்சியில் முழுப் பிழை. ஒரு வார்டில் வளைகுடா நாட்டிலிருந்து மார்ச் மாதத்தில் திரும்பிய, நீரிழிவு நோயுள்ள, ஐம்பத்திரண்டு வயது ஆண் என்று மட்டும் எழுதி வைத்தால், பெயர் இல்லாமலேயே அந்த வார்டிலுள்ள தேநீர்க் கடைக்காரர் ஆளைச் சொல்லிவிடுவார். ஆகவே தணிக்கையாளர் பெயர் நீக்கப்பட்ட அட்டவணையை வாங்கி, வார்டு, வயது, பால், பயண மாதம், நோய் ஆகிய நிரல்களைச் சேர்த்து வைத்து, அத்தகைய சேர்க்கை ஒரே ஒருவருக்கு மட்டும் பொருந்தும் வரிகள் எத்தனை என்று எண்ணுகிறார். அந்த எண்ணிக்கை பெரிதாக இருந்தால் வயதைப் பத்தாண்டுக் கட்டங்களாகவும், வார்டை வட்டமாகவும் திரட்டி எழுதும்படி சொல்லப்படும். அப்படித் திரட்டும்போது விவரத்தின் பயன் குறையும் என்பதையும் அவர் மறைப்பதில்லை.

ஒப்புதலைச் சோதிக்கும் முறையும் இவ்வாறே எண்களிலிருந்து தொடங்குகிறது. ஒப்புதல் தரப்பட்டதா என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று இருப்பது சான்றாகாது. எந்தத் தேதியில், அறிவிப்பின் எந்தப் பதிப்பு, எந்த மொழியில், எந்த நோக்கத்துக்காகக் காட்டப்பட்டது என்பவை ஒவ்வொரு பதிவோடும் சேர்ந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் பதிவுகளை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தைக் கற்பித்துக்கொண்டு பார்த்தால், தணிக்கையாளர் குலுக்கல் முறையில் நாற்பது பதிவுகளை எடுத்து, விவரம் பதிவான நேரத்தையும் அறிவிப்பின் அந்தப் பதிப்பு வெளியான நேரத்தையும் ஒப்பிடுகிறார். மூன்றாம் பதிப்பைப் படித்துச் சம்மதித்ததாகச் சொல்லப்படுபவரின் விவரம் அந்தப் பதிப்பு வெளியாவதற்கு இரண்டு வாரம் முன்பே பதிவாகியிருந்தால், ஒப்புதல் பின்னால் மொத்தமாக எழுதி நிரப்பப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். களப்பணியாளர் வழியே திரட்டப்பட்டவற்றில் இன்னோர் அடையாளம் உண்டு. பத்து வீடுகளின் ஒப்புதல் இரண்டு நிமிடத்துக்குள் பதிவாகியிருந்தால், வித்துராவின் மலைச்சரிவில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடக்கவே அதைவிட நேரமாகும் என்பதை நினைவில் கொண்டு, அந்தப் பத்தையும் அவர் தனியே எடுத்து வைக்கிறார். வீட்டாரிடம் கேட்காமலேயே பணியாளர் மாலையில் ஓரிடத்தில் உட்கார்ந்து கட்டங்களை நிரப்பியிருக்கக்கூடும். அது பெரும்பாலும் ஏமாற்றும் எண்ணத்தால் நடப்பதில்லை, மலையோரத்தில் இணைப்புக் கிடைக்காததால் நடப்பது. ஆனாலும் ஒப்புதல் ஒப்புதலாக இல்லை.

தக்கவைப்புக்கு வருவோம். ஒப்பந்தக் கடமை முடிந்ததும் எல்லா விவரங்களையும், அவற்றிலிருந்து பெறப்பட்ட இரண்டாம்நிலைத் தரவுகளையும் திருப்பித் தர வேண்டும் என்று ஸ்பிரிங்க்ளருக்கு நீதிமன்றம் கட்டளையிட்டது. மே 21 அன்று கேரள அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், தரவு முழுவதும் அரசு நிறுவனமான சி-டிட்டின் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டதாகவும், ஸ்பிரிங்க்ளருக்கு இனி அணுகல் இல்லை என்றும் தெரிவித்தது. கணினித் தரவைப் பொறுத்தவரை ‘திருப்பித் தருதல்’ என்ற சொல்லே சற்று வழுக்கலானது. தருபவரிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று காட்டப்பட்டால்தான் அது திருப்பித் தந்ததாகும். மிச்சம் மூன்று இடங்களில் தங்கும்: நடப்பிலுள்ள தரவுத்தளம், நாள்தோறும் எடுக்கப்படும் காப்பு நகல்கள், ஊழியர்கள் தங்கள் வேலைக்காக எடுத்துவைத்த கோப்புகள். முதலாவதில் அழிப்பது எளிது. இரண்டாவதைச் சோதிக்கத் தணிக்கையாளர், அழிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஒருவரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பழைய காப்பு நகல் ஒன்றைத் தனியான கணினியில் மீட்டெடுத்துத் தேடச் சொல்கிறார். அங்கே அந்த எண் கிடைத்தால், அந்த நகல் எப்போது காலாவதியாகும், அல்லது அதைப் பூட்டியிருக்கும் மறையாக்கத் திறவி எப்போது அழிக்கப்படும் என்று கேட்கிறார். மூன்றாவதற்கு இத்தகைய சோதனை கிடையாது. ஊழியர் ஒருவரின் மடிக்கணினியில் கிடக்கும் கோப்பை எந்த அழிப்புச் சான்றிதழும் எட்டாது. அது உருவான கணத்தை அணுகல் பதிவேடு மட்டுமே காட்டும்.

எனவே பதிவேட்டின் இரண்டு வரிகளைப் படித்துப் பார்ப்பது பயனுள்ளது. கீழே உள்ளவை விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை.

```
2026-01-18T23:41:07+05:30 user=fieldadmin action=EXPORT rows=4812
2026-01-18T23:58:20+05:30 user=fieldadmin action=VIEW rows=1
```

இரவு 11.41 என்ற நேரம் கண்ணை முதலில் இழுக்கும். ஆனால் முறைப்பணி உள்ள இடங்களில் நேரம் தனியே எதையும் நிறுவாது. பயனர் பெயர்தான் இங்கே பெரிய குறை, ஏனெனில் fieldadmin என்பது ஆளின் பெயரன்று, பலர் பகிர்ந்துகொள்ளும் கணக்கு. அதன் பின்னால் ஆறு பேர் இருந்தால் ஆறு பேரும் கைவிரிப்பார்கள். அடுத்து, EXPORT என்ற செயல் 4812 பதிவுகளைக் கோப்பாக வெளியே எடுத்திருக்கிறது. எதற்காக என்பதும், கோப்பு எங்கே போனது என்பதும் வரியில் இல்லை. அந்த 4812 பேரில் யாராவது நாளை தம் ஒப்புதலைத் திரும்பப் பெற்றால், தரவுத்தளத்தில் அழிக்கப்பட்டாலும் கோப்பில் அவர் இருந்துகொண்டே இருப்பார். ஒப்புதலும் தக்கவைப்பும் முறையாக நடந்ததாகக் காட்டும் ஏடுகள் எல்லாவற்றையும் இந்த ஒரு வரி பொய்யாக்கிவிடுகிறது.

பதிவேடே நம்பத்தக்கதா என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. தணிக்கையாளர் தமக்கென ஒரு கணக்கு வாங்கி, நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, ஒரு பதிவைத் திறந்து மூடுகிறார். பின்னர் தரவுத்தள மேலாளரை அருகில் அமர்த்தி, அதே பதிவைச் செயலியின் வழியாக அல்லாமல் தரவுத்தளத்திலிருந்து நேரடியாகப் படிக்கச் சொல்கிறார். மறுநாள் பதிவேட்டைக் கேட்டு வாங்கும்போது முதல் திறப்பு இருந்து இரண்டாவது இல்லாமல் போவது அடிக்கடி காணப்படும் குறை. முன்வாசலில் காவல் இருந்து கொல்லைப்புறம் திறந்து கிடப்பதற்கு ஒப்பானது இது. பதிவேட்டை எழுதும் மேலாளருக்கே அதைத் திருத்தும் உரிமையும் இருந்தால், அவரைப் பற்றி அந்தப் பதிவேடு எதுவும் சொல்லாது. ஆகவே அது அவர் கைக்கு எட்டாத, ஒருமுறை எழுதினால் மாற்ற முடியாத சேமிப்பில் இருக்க வேண்டும். ஸ்பிரிங்க்ளர் வழக்கின் இடைக்கால ஆணை ஒப்புதலையும் திருப்பித் தருதலையும் இவ்வளவு கவனமாகக் கட்டளையிட்டும், அணுகல் பதிவேட்டைப் பாதுகாத்து ஒப்படைக்கும்படி சொல்லாமல் விட்டது அதன் பெரிய இடைவெளி.

பின்னால் வந்த சட்டம் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2025 நவம்பரில் வெளியான விதிகள், யார் அணுகினார்கள் என்பதைப் பதிவுசெய்து கண்காணிக்கவும், அந்தப் பதிவேடுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கவும் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகின்றன. போதிய பாதுகாப்பு இல்லாமையால் கசிவு நேர்ந்தால் தண்டத்தொகை 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள எந்த மொழியிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. வித்துராவை ஒட்டிய போனக்காடு தேயிலைத் தோட்டப் பகுதியில் தமிழ் பேசும் தொழிலாளி ஒருவர் அதைத் தமிழில் கேட்கலாம். தம்மைப் பற்றிய விவரங்களின் சுருக்கத்தையும், அவை எந்தெந்த நிறுவனங்களோடு பகிரப்பட்டன என்பதையும் கேட்டுப் பெறலாம். இக்கடமைகளும் உரிமைகளும் விதிகள் வெளியாகிப் பதினெட்டு மாதங்கள் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. தம் பதிவை எந்த ஊழியர் எந்த நாளில் திறந்தார் என்று கேட்கும் உரிமை அவ்வுரிமைகளுள் இல்லை.

(தொடரும்)