வாய் அசையும் முன் மனம் அசைய வேண்டும்

கார்ட்டூன் படத்தில் குரலுக்கேற்ற நடிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் ‘உப்பின் இப்பின்’ பார்க்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சற்று நேரம் பார்த்திருப்பீர்கள். அப்போது ஒரு கேள்வி எழுந்ததுண்டா? இதுபோன்ற படங்களில் முதலில் வருவது படமா, குரலா? முதலில் படத்தை வரைந்துவிட்டுப் பிறகு யாரோ பேசிச் சேர்க்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஜப்பானியப் படங்கள் பலவற்றில் அப்படிச் செய்வதும் உண்டு. ஆனால் வேறு பல நாடுகளில் வழக்கம் நேர்மாறானது. நடிகர்களைக் கொண்டு வசனத்தை முதலில் பதிவு செய்கிறார்கள். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் பிறகு உருவத்தை நடிக்க வைக்கிறார்கள்.

இந்தத் தொழில் நமக்கு அந்நியமானதன்று. மலேசியாவின் முதல் கார்ட்டூன் குறும்படமான ‘ஹிக்காயாட் சங் கன்சில்’ படத்தை 1978-ஆம் ஆண்டில் உருவாக்கியவர், பிலெம் நெகாராவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர். இன்று கணினி இருப்பதால் வரையும் வேலை எவ்வளவோ எளிதாகிவிட்டது. ஆனால் ஒரு வேலையைக் கணினியும் எளிதாக்கவில்லை. பதிவு செய்த குரலில் எந்தெந்த இடத்தில் உருவம் நடிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுதான் அது. அந்த இடங்களைத் ‘திருப்பங்கள்’ என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தேர்வில் தவறினால் பிறகு எத்தனை நாள் உழைத்தாலும் காட்சி தேறாது.

பத்து நொடிக் காட்சி

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். பினாங்கு, ஜார்ஜ் டவுன் ஃபெரி ஜெட்டி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகளைப் பார்த்துவிட்டு ஒரு தாய் பட்டர்வொர்த்துக்குத் திரும்புகிறாள். அங்கிருந்து பேருந்து ஏறித் தோட்டத்திற்குப் போக வேண்டும். அவள் பேசுவது இவ்வளவுதான்:

“நல்லா சாப்பிடும்மா. நேரத்தோட தூங்கு... வேலை கஷ்டமா இருக்கா?... இல்ல, சும்மாதான் கேட்டேன். சரி, ஃபெரி வந்திருச்சு. நான் வர்றேன்.”

பதிவான குரல் சரியாகப் பத்து நொடி. திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஆகவே இந்தக் காட்சிக்கு 240 படங்கள். ஒரே படத்தை இரண்டு முறை காட்டிச் சிக்கனம் செய்தாலும் 120 படங்கள் வரைந்தாக வேண்டும்.

புதிதாகத் தொழில் பழகுபவர் என்ன செய்வார் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அபிநயப் பாட்டுச் சொல்லிக் கொடுப்போமே, அதைப் போலச் செய்வார். ‘சாப்பிடு’ என்றால் கை வாய்க்குப் போகும். ‘தூங்கு’ என்றால் தலை சாயும். ‘ஃபெரி’ என்றால் விரல் கடலைச் சுட்டும். இந்த வசனத்தில் 15 சொற்கள் இருக்கின்றன. 15 சொல்லுக்கும் 15 அசைவு! பத்து நொடியில் அந்தத் தாய் பொம்மலாட்டப் பொம்மையைப் போல ஆடி முடித்துவிடுவாள். அவள் மனத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும் நமக்குத் தெரியாது.

டிஸ்னி நிறுவனத்தில் பல்லாண்டு பணியாற்றிய பிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் என்னும் இருவர் தங்கள் அனுபவங்களை 1981-இல் பெரிய நூலாக வெளியிட்டார்கள். சொல்லைப் படமாக்காதே, சொல்லுக்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தைப் படமாக்கு என்பது அந்தத் தலைமுறைக் கலைஞர்கள் விட்டுச் சென்ற பாடம்.

கண்ணை மூடிக் கேளுங்கள்

அந்த எண்ணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும். வானொலி நாடகம் கேட்பதைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு பதிவை இருபது முறையாவது கேட்க வேண்டும். வசனத்தைத் தாளில் படித்தால் போதாது. தாளில் இல்லாத மூச்சும், தயக்கமும், மௌனமும் பதிவில்தான் இருக்கின்றன.

அதன் பிறகு எந்த நேரத்தில் என்ன கேட்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பழைய நாளில் ஒலிநாடாவைக் கையால் மெல்ல ஓட்டி, படத்திற்கு ஒரு வரி வீதம் நீண்ட பட்டியலில் எழுதினார்கள். இன்று கணினித் திரையில் ஒலி அலை கோடாகத் தெரிகிறது. எப்படிச் செய்தாலும் கணக்கு ஒன்றுதான். நம் காட்சியில் முதல் இரண்டு நொடி அறிவுரை. பிறகு ஒன்றரை நொடி மௌனம். அதில் ஒரு மூச்சு கேட்கிறது. அடுத்த ஒன்றரை நொடி கேள்வி. மீண்டும் ஒன்றரை நொடி மௌனம். ‘இல்ல, சும்மாதான் கேட்டேன்’ ஒன்றரை நொடி. கடைசி இரண்டு நொடி விடைபெறுதல்.

இப்போது அந்தக் கோட்டின் மீது கேள்வி ஒன்றை வைத்துப் பாருங்கள்: தாயின் மனம் எங்கே மாறுகிறது? அப்படி மாறும் ஒவ்வோர் இடத்திற்கும் அவள் செய்வதை ஒரே சொல்லில் எழுதுங்கள். சொல் கிடைக்கவில்லையென்றால் அங்கே திருப்பம் இல்லை, அடித்துவிடலாம்.

நான் இந்தக் காட்சியில் நான்கு இடங்களை எடுப்பேன்.

முதலாவது, ‘ஒப்பிக்கிறாள்’. சாப்பிடு, தூங்கு என்பதெல்லாம் எல்லாத் தாயும் வழக்கமாகச் சொல்வது. அவள் கை, பையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே இருக்கட்டும். இரண்டு நொடிக்கும் ஒரே நிலை போதும்.

இரண்டாவது, ‘துணிகிறாள்’. இது சொல்லில் இல்லை, மூச்சில் இருக்கிறது. ஏறக்குறைய 60-ஆவது படத்தில் முடிச்சுப் போட்ட கை அப்படியே நின்றுவிடுகிறது. குனிந்தபடியே கேள்வியைத் தொடங்குகிறாள். தமிழில் கேள்வியின் கொக்கி கடைசிச் சொல்லில் அல்லவா இருக்கிறது? ‘இருக்கா’ என்னும்போதுதான் அது கேள்வியாகிறது. ஆகவே அவள் கண்ணும் அங்கேதான் நிமிர வேண்டும், ‘வேலை’ என்னும் முதல் சொல்லில் அன்று.

மூன்றாவது, ‘அஞ்சுகிறாள்’. மகள் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தில், 140-ஆவது படத்தை ஒட்டி, தாய் மகளின் முகத்தில் பதிலைப் படித்துவிடுகிறாள். ஆமாம் என்று மகள் சொல்லிவிட்டால் தன்னால் என்ன செய்ய முடியும்? கண்கள் விலகுகின்றன. அதற்குப் பிறகுதான் ‘இல்ல’ என்ற சொல் வருகிறது.

நான்காவது, ‘தப்பிக்கிறாள்’. ஃபெரி வந்தது அவளுக்கு நல்ல சாக்கு. பையைச் சட்டென்று தூக்குகிறாள். ‘நான் வர்றேன்’ என்பதற்குத் தனி அசைவு வேண்டாம். கையில் பையுடன், முகத்தைப் பாதி திருப்பியபடி அவள் அப்படியே நிற்கட்டும்.

நான்கில் இரண்டு திருப்பங்கள் மௌனத்தில் இருப்பதைக் கவனித்தீர்களா? ஒலி அலையைப் பார்த்து மட்டும் வேலை செய்பவர் இவற்றைத் தவறவிடுவார். அங்கே கோடு படுத்துக் கிடக்கும். இந்தப் பதிவில் கோடு மிக உயர்ந்து நிற்பது ‘சும்மாதான்’ என்னும் இடத்தில். ஆனால் அது திருப்பம் அன்று. முன்பே மாறிவிட்ட மனத்தை மறைக்கத்தான் குரல் உயர்கிறது. அங்கே ஒரு சிறு தலையசைப்பு இருந்தால் போதும்.

சரியா என்று எப்படித் தெரியும்?

தேர்ந்தெடுத்த நான்கு நிலைகளையும் தபால் தலை அளவில் சின்னச் சின்னக் கோட்டுப் படங்களாக வரையுங்கள். முகம் தெளிவாக இல்லாவிட்டாலும் முதுகின் வளைவும் கையின் இடமும் தெரிய வேண்டும். குரலைப் போடாமல் இந்த நான்கையும் வீட்டில் ஒருவரிடம் வரிசையாகக் காட்டுங்கள். ‘ஏதோ கேட்க நினைத்தாள், கேட்டாள், பின்வாங்கினாள்’ என்று அவர் சொன்னால் தேர்வு சரி. ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே’ என்றால் நிலைகளை மாற்றி வரைய வேண்டும். இதுவரை செலவானது நான்கு சிறு படங்கள். 120 படங்கள் அல்ல.

அடுத்து அந்த நான்கையும் உரிய நேரத்தில் குரலோடு சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும். இங்கே இரண்டு குறைகள் தென்படலாம். ஒன்று, உருவம் குரலுக்குப் பின்னால் ஓடுவது போலத் தோன்றுவது. மனிதர்கள் எண்ணிய பிறகுதான் பேசுகிறார்கள். ஆகவே அசைவு, சொல்லுக்கு இரண்டு முதல் நான்கு படங்கள் முன்னதாகவே வந்து சேர வேண்டும். ‘இருக்கா’ என்ற ஒலி 110-ஆவது படத்தில் தொடங்கினால், கண் 107-இலேயே நிமிர்ந்திருக்க வேண்டும். மற்றொன்று, நிலை கண்ணில் பதியாமல் ஓடிவிடுவது. ஒரு புதிய நிலை ஏறக்குறைய அரை நொடியாவது நின்றால்தான் பார்ப்பவர் மனத்தில் பதியும். அதற்கு இடமில்லையென்றால் திருப்பங்கள் அதிகம் என்று பொருள். ஒன்றை நீக்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே வசனத்தை வேறொரு நடிகை எங்கும் நிறுத்தாமல் ஆறே நொடியில் கலகலவென்று பேசிவிட்டார் என்று வையுங்கள். அந்தத் தாய்க்கு மகளைப் பற்றிய கவலையே இல்லை. அங்கே திருப்பம் இரண்டுதான்: அறிவுரை சொல்கிறாள், ஃபெரியைப் பிடிக்க விரைகிறாள். மேலே நான் சொன்ன நான்கையும் அந்தக் குரலின் மீது ஏற்றினால், முகம் ஒன்று சொல்லும், குரல் வேறொன்று சொல்லும். பார்ப்பவர் நம்புவது குரலைத்தான், படம் பொய்யாகிவிடும். கவலை கொண்ட தாய்தான் வேண்டும் என்றால் வசனத்தை மறுபடி பதிவு செய்ய வேண்டுமே தவிர, பென்சிலால் அதைச் சரிக்கட்ட முடியாது.

உங்கள் பிள்ளைகளில் யாராவது வரைவதில் ஆர்வம் காட்டினால் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வானொலி நாடகத்தில் இருந்து ஒருவர் மட்டும் பேசும் பத்து நொடியை எடுத்துக்கொள்ளட்டும். அதில் நான்கு இடத்திற்கு மேல் குறிக்கக் கூடாது. குறித்த ஒவ்வோர் இடத்திற்கும், ‘அந்த ஆள் இங்கே என்ன செய்கிறார்?’ என்று கேளுங்கள். ‘பேசுகிறார்’ என்று பதில் வந்தால், பிள்ளை இன்னும் ஒரு முறை கேட்க வேண்டும். ‘மறைக்கிறார்’, ‘கெஞ்சுகிறார்’, ‘சமாளிக்கிறார்’ என்று வந்தால் பென்சிலை எடுக்கலாம்.