ஐப்பசியில் ஆடாத மயில்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில் ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான். நடுநடுவே உழுது போட்ட கரிசல், வெடித்துக் கிடக்கும் கண்மாய், ஒற்றைப் பனை. சித்திரை கடைசியில் ஒரு நாள், மூன்று மணி வெயில் சட்டென்று மங்கி மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. கண்மாய்க் கரைக்குக் கீழே பொட்டலில் ஒரு சேவல் மயில் தோகையை விரித்து நின்றது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "மயில் ஆடிருச்சுல்ல, இன்னிக்கு மழை உண்டு" என்றார். அரை மணி நேரம் காற்று புழுதியை வாரி இறைத்தது. பிறகு மேகம் கிழக்கே நகர்ந்துவிட்டது. ஒரு துளி விழவில்லை.

அவர் சொன்னதை மூடநம்பிக்கை என்று நான் தள்ளமாட்டேன். ஐம்பது அறுபது வருஷம் வானத்தையும் காட்டையும் சேர்த்துப் பார்த்தவர் பேச்சு அது. மேகம் கூடுவதும் மயில் ஆடுவதும் ஒன்றாக நடப்பதை அவர் உண்மையாகவே பார்த்திருக்கிறார். ஆனால் எது எதற்குக் காரணம் என்பது வேறு கேள்வி. அதனால் அவரிடமே கேட்டேன்: "அய்யா, ஐப்பசி அடைமழையிலயும் இப்படி ஆடுமா?"

சற்று யோசித்தார். "அப்ப அதுக்கு ஏது தோகை?" என்றார்.

மயிலாட்டத்தின் ரகசியம் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது.

இந்தப் பக்கம் பெய்யும் மழையில் ஏறத்தாழ பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வரும் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. தென்மேற்குப் பருவ மேகங்கள் மேற்கு மலையிலேயே பெரும்பாலும் பெய்து தீர்த்துவிடும். ஆனி, ஆடியில் நம் தலைக்கு மேல் ஓடுபவை மிச்ச மேகங்கள். மேகத்தைக் கண்டுதான் மயில் ஆடுகிறது என்றால், வானம் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும் ஐப்பசியில் அல்லவா அது ஓயாமல் ஆட வேண்டும்? நடப்பது தலைகீழ். தென்னிந்தியாவில் மயில்கள் இணைசேரும் உச்சப் பருவம் ஏப்ரல், மே. வட இந்தியாவில் அது ஜூனை ஒட்டி வருகிறது. அங்கே பருவமழையும் அப்போதுதான் தொடங்குவதால், மயிலும் மழையும் ஒன்றையொன்று அழைக்கின்றன என்று தோன்றுவதில் வியப்பில்லை. இங்கே சித்திரை, வைகாசியில் கோடை இடிமழைக்காக மேகம் திரளும் நாட்களும் மயிலின் இணைசேரும் நாட்களும் ஒரே மாதங்களில் விழுகின்றன. பருவம் முடிந்ததும் ஆவணி, புரட்டாசியில் சேவல் தன் தோகை இறகுகளை ஒவ்வொன்றாக உதிர்த்துவிடுகிறது. பெருமழை வரும்போது அதன் பின்புறம் பெரும்பாலும் மொட்டை. புதுத் தோகை மெல்ல வளர்ந்து, கோடை தொடங்கும்போது மறுபடி முழுமையாகிறது.

அப்படியானால் மேகத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு, ஆனால் அது துணைப்பங்கு. சித்திரை நண்பகலில் கரிசல் மண் கால் வைக்க முடியாமல் கொதிக்கும். மயில்கள் அந்நேரம் கருவேல நிழலில் அலகைத் திறந்துகொண்டு கிடக்கும். ஆட்டமெல்லாம் பெரும்பாலும் காலையிலும் மாலையிலும்தான். மேகம் மறைத்துக் குளிர்காற்று அடித்தால், மாலை முன்கூட்டியே வந்ததுபோல் ஆகிறது. நிழலில் கிடந்த பெட்டைகள் இரை தேடி வெளியே வருகின்றன. பெட்டைகள் வந்தால் சேவல் தோகையை விரிக்கிறது. நாமும் அந்நேரம் மழை வருமா என்று வெளியே வந்து நிற்கிறோம், பார்க்கிறோம், நினைவில் வைக்கிறோம். மேகமில்லாத காலை ஆறரைக்கு அதே பொட்டலில் அதே மயில் ஆடியதை யார் கணக்கு வைத்தார்கள்? இடிச் சத்தம் கேட்டு மயில் அகவுவது உண்மை. ஆனால் வெடிச்சத்தம் கேட்டாலும் அகவும். அகவலை ஆட்டத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உண்மையில் ஆட்டத்துக்கு உதவுவது வெயில்தான். கனடாவைச் சேர்ந்த ரோஸ்லின் டேகின், ராபர்ட் மான்ட்கோமெரி என்ற ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பெட்டையை எதிரே வைத்துத் தோகையைச் சிலிர்க்கும் சேவல் கண்டபடி நிற்பதில்லை என்று கண்டார்கள். சூரியனுக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்வாகத் தன்னை நிறுத்திக்கொள்கிறது. காரணம், தோகையின் நீலமும் பச்சையும் சாயத்தால் வந்தவை அல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் பிறக்கும் நிறம் அது. ஒளி விழும் கோணம் மாறினால் நிறமும் மாறும். கீழே கிடக்கும் இறகை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாலே தெரியும்.

இனி அந்தப் பொட்டலுக்குத் திரும்புவோம். நாம் தோகை என்று சொல்வது மயிலின் வால் அல்ல. வாலுக்கு மேல் முதுகிலிருந்து நீளும் இறகுகள் அவை. உண்மையான வால் அதன் பின்னால் மறைந்திருக்கும் குட்டையான பழுப்பு இறகுகள். அவை முட்டுக்கொடுத்துத்தான் தோகையை நிமிர்த்தி நிறுத்துகின்றன. வளர்ந்த சேவலின் தோகையில் 150-க்கு மேற்பட்ட கண்கள் இருக்கும். மூன்று வயதுக்கு முன்னால் முழுத் தோகை வராது.

ஆட்டத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சேவல் தனக்கென ஒரு திட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நாள்தோறும் நிற்கும். பெட்டை தூரத்தில் வரும்போது அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி, பழுப்புச் சிறகுகளைத் தாழ்த்திப் படபடக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் மயில் தப்பான பக்கம் திரும்பி ஆடுகிறது என்று நினைப்பது இந்தக் கட்டத்தில்தான். பெட்டை நெருங்கியதும் சட்டென்று முகம் திருப்பி, விசிறியை முன்னால் சாய்த்து, முழுத் தோகையையும் சிலிர்க்கும். காய்ந்த சோளத்தட்டையில் காற்று புகுந்தாற்போல ஒரு சலசலப்பு எழும். பெட்டை நின்றால் ஒரு கூவலோடு பாய்ந்து அணையும். பெரும்பாலும் பெட்டை நிற்பதில்லை, தானியம் பொறுக்கிக்கொண்டே நகர்ந்துவிடும். சேவல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மயிலின் கண்ணீரைக் குடித்துப் பெட்டை கருவுறும் என்பது வெறும் கதை. மற்றப் பறவைகளைப் போலத்தான் மயிலும் இணைசேர்கிறது.

மயில் நடுங்குவதைப் பார்த்துக் குளிரால் என்று எண்ணிப் போர்வை கொடுத்தான் பேகன் என்று பள்ளியில் படித்தோம். அவன் கண்ட நடுக்கம் கற்பனையல்ல. தோகை நிமிர்ந்து நிற்கும்போது அதன் உடம்பே நடுங்குவதுபோல்தான் இருக்கும். அந்த நடுக்கத்தை அளந்தும் பார்த்துவிட்டார்கள். டேகின் குழுவினர் 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி சேவல் தன் தோகையை நொடிக்குச் சராசரியாக 25 தடவைக்குச் சற்று மேல் அதிர்க்கிறது. தோகை நீளமாக இருந்தால் அதை அசைப்பது கடினம், வேகம் குறையும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஆனால் நீளத் தோகைச் சேவல்கள் சற்று அதிக வேகத்தில் அதிர்த்தன. அத்தனை அதிர்விலும் கண்கள் மட்டும் ஏறக்குறைய அசையாமல் நிற்கின்றன. கண்ணின் இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பின்னப்பட்டுக் கெட்டியாக இருக்கின்றன. சுற்றியுள்ள இழைகளோ தளர்ந்து தனித்தனியே மினுங்குகின்றன. அதனால் பெட்டையின் எதிரே அலையடிக்கும் பச்சைப் பரப்பில் நூற்றைம்பது நீலக் கண்கள் மிதந்து நிற்பதுபோல் தெரியும்.

பெட்டை பார்ப்பது மட்டுமல்ல, கேட்கவும் செய்கிறது. ஏஞ்சலா ஃப்ரீமன், ஜேம்ஸ் ஹேர் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த ஆட்டத்தில் மனிதக் காதுக்கு எட்டாத மிகத் தாழ்ந்த ஒலியும் பிறக்கிறது என்று காட்டியது. அதைப் பதிந்து திரும்ப ஒலிக்கச் செய்தபோது சேவலும் பெட்டையும் விழிப்படைந்தன. 2018-இல் சுசான் ஆமடோர் கேன் குழுவினர், மயிலின் கொண்டை இறகுகள் தோகையின் அதே அதிர்வு வேகத்தில் தாமும் அதிரக்கூடியவை என்று கண்டார்கள். கொண்டை பெட்டைக்கும் உண்டு. எதிரே நடக்கும் அதிர்வைத் தலையில் உணர அது உதவக்கூடும். ஆய்வுக்கூடத்தில் இறகை வைத்துச் செய்த சோதனை என்பதால், அதற்கு மேல் உறுதியாகச் சொல்வது சரியாகாது.

பெட்டை எதைக் கொண்டு தேர்கிறது என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. மயில் தோகை இறகைப் பார்த்தாலே தனக்குக் குமட்டுகிறது என்று 1860-இல் கடிதம் எழுதினார் டார்வின். உயிர் பிழைக்க உதவாத இந்தச் சுமை எப்படி வந்தது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. 1871-இல் அவரே விடை சொன்னார்: பெட்டைகள் தேர்ந்து தேர்ந்து வளர்த்த அழகு இது. இங்கிலாந்தில் விப்ஸ்னேடு பூங்காவில் மரியன் பெட்ரி, கண்கள் அதிகமுள்ள சேவல்களே அதிகம் இணைசேர்வதைக் கண்டார். 20 கண்களை வெட்டிவிட்டால் அந்தச் சேவலின் வாய்ப்பு குறைந்தது. ஜப்பானில் மரிக்கோ தகாஹாஷி குழுவினர் ஏழு ஆண்டுகள் பார்த்துவிட்டு 2008-இல், அப்படி ஒரு தொடர்பே தெரியவில்லை என்றார்கள். எனக்கு டேகின், மான்ட்கோமெரி இருவரின் விளக்கம் பொருத்தமாகப் படுகிறது. வளர்ந்த சேவல்களுக்குள் கண்களின் எண்ணிக்கை பெரிதாக வேறுபடுவதில்லை. நிறைய உதிர்த்தவனைப் பெட்டை ஒதுக்குகிறது. மற்றவர்களுக்குள் கண்ணின் நீலப்பச்சை மினுக்கத்தைப் பார்க்கிறது. வெயிலுக்குக் கோணம் பார்த்து நிற்பதும் அப்போதுதான் பொருள்படும்.

சேவலின் வேலை அதோடு முடிந்தது. முட்டையிட்டு 28 நாள் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் பெட்டை மட்டுமே. கருவேல மறைவில் தரையில் கீறிய சிறு பள்ளம்தான் கூடு. குஞ்சுகளுக்குப் பூச்சிதான் முக்கிய இரை. சித்திரை, வைகாசியில் சேர்ந்த இணையின் குஞ்சுகள், கண்மாய் நிறையும் ஐப்பசிக்குள் மரக்கிளையில் ஏறி அடையும் அளவுக்குத் தேறிவிடுகின்றன.

உதிர்ந்த தோகையைக் கருவேலங்காட்டில் பொறுக்கி வந்து புத்தகத்துக்குள் வைத்து, குட்டி போடும் என்று காத்திருக்காத பிள்ளை இந்தப் பக்கம் யாரும் இருக்க முடியாது. அந்த வருஷத்து ஆட்டத்தை முடித்துவிட்டு மயில் கழற்றிப் போட்ட இறகு அது. ஐப்பசி மழை ஓட்டில் விழும் இரவுகளில், தோகை பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மயில் மொட்டை முதுகோடு ஏதோ ஒரு மரக்கிளையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது.