எல்லா 12-ம் ஒரே 12 அல்ல

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜி.எஸ்.டி.யின் 12 சதவீத அடுக்கு கிட்டத்தட்டக் காலியானது. ஜாமெட்ரி பாக்ஸும் குடையும் 5 சதவீதத்துக்கு இறங்கின. பென்சிலுக்கும் பள்ளி நோட்டுக்கும் வரியே இல்லை என்றானது. கடைக்குப் போகிறவர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதியவர்கள், 12 என்ற எண்ணை எங்கெங்கே எழுதிவைத்தோம் என்று தேட வேண்டியிருந்தது.

ஒரு ஸ்டேஷனரி கடைக்கான நிரலில் இப்படி மூன்று கணக்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

```
tax = amount * 12 / 100
boxPrice = pencilPrice * 12
monthlyFee = yearlyFee / 12
```

முதல் 12, ஜாமெட்ரி பாக்ஸுக்கான வரி விகிதம். அடுத்தது ஒரு பெட்டிக்கு ஒரு டஜன் பென்சில் என்ற கணக்கு. கடைசியில் இருப்பது வருடத்தின் மாதங்கள். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை மாதவாரியாகப் பிரிக்கிறது.

இப்படி விளக்கமில்லாமல் நிற்கும் எண்களை நிரலாளர்கள் ‘மேஜிக் நம்பர்’ என்பார்கள். அவற்றுக்குப் பெயர் வைத்து மாறிலியாக்கு என்பது இத்தொழிலில் எல்லோரும் சொல்லும் அறிவுரை. `GST_RATE = 12` என்று ஓரிடத்தில் எழுதிவிட்டால், மற்ற இடங்களில் பெயரை மட்டும் போடலாம்; நாளைக்கு விகிதம் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். இதில் தவறே இல்லை. சிக்கல், ஆர்வக்கோளாறில் நிரல் முழுவதும் உள்ள 12-ஐ எல்லாம் ஒரே மூச்சில் `GST_RATE` ஆக்கிவிடுவதில் இருக்கிறது.

அன்றைக்கு எதுவும் கெடாது. எல்லா இடத்திலும் மதிப்பு 12-தான், சோதனைகளும் தேறிவிடும். விகிதத்தை 5 ஆக்கும் நாளில்தான் வினை வரும். ஐந்து ரூபாய் பென்சிலின் பெட்டி விலை 60-லிருந்து 25 ரூபாயாகிவிடும். வருடத்துக்கு 6,000 ரூபாய் கட்டணம் என்றால், மாதத்துக்கு 500-க்குப் பதில் 1,200 என்று வரும். கணினி முணுமுணுக்கவும் செய்யாது. அதற்கு 5-ம் ஒரு எண், அவ்வளவுதான்.

`TWELVE = 12` என்று பெயர் வைப்பவர்களும் உண்டு. அது எண்ணை எழுத்தில் எழுதியதோடு சரி. ஒருநாள் `TWELVE = 5` என்று எழுத வேண்டிவரும்.

மாற்றுவதற்கு முன் ஒவ்வோர் இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது மாறினால், கூடவே அதுவும் மாற வேண்டுமா? அரசு வரியைக் குறைத்ததால் டஜன் சுருங்குமா? சுருங்காது என்றால் இரண்டுக்கும் ஒரே பெயர் கூடாது. மாதக் கணக்கில் உள்ள 12-க்குப் பெயரே வேண்டாம் என்பேன். `yearlyFee / 12` என்பதைப் பார்த்ததும் யாருக்கும் புரிகிறது, அது மாறப்போவதும் இல்லை.

இதற்கு நேரெதிரான கோளாறு, கண்ணுக்கு இன்னும் எளிதில் படாது. ஒரே பொருள் வேறு எண்ணாக மறைந்திருக்கும். பில்லில் 12 சதவீதத்தை மத்திய வரி 6, மாநில வரி 6 என்று பிரித்து அச்சிடுவார்கள். வரி உட்பட 112 ரூபாய் என்ற விலையிலிருந்து வரியைப் பிரிக்க, விலையை 12-ஆல் பெருக்கி 112-ஆல் வகுப்பார்கள். அந்த 6-ம் 112-ம் வரி விகிதத்தின் பிள்ளைகள். 12 என்று தேடினால் 6 அகப்படாது. விகிதத்தை 5 ஆக்கி, 112-ஐ அப்படியே விட்டால், 105 ரூபாய் பொருளில் வரி 5 ரூபாய்க்குப் பதில் 4.69 என்று வரும். முப்பத்தொரு காசு வித்தியாசம் கல்லாவில் யார் கண்ணிலும் படாது. ஆகவே அவற்றைத் தனி எண்களாக எழுதாமல், பெயரிலிருந்தே பிறக்க வைக்க வேண்டும்:

```
tax = mrp * GST_RATE / (100 + GST_RATE)
cgst = tax / 2
```

சரியாகப் பிரித்தோமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சோதனைக்காக `GST_RATE`-ஐ 13 ஆக்கி ஓட்டிப் பாருங்கள். பெட்டி விலை அசைந்தால், அங்கே தவறான பெயர் புகுந்திருக்கிறது. வரித் தொகை அசையாமல் நின்றால், எங்கோ பழைய எண் ஒளிந்திருக்கிறது.

இந்த உதாரணத்தில் `GST_RATE` என்ற ஒற்றைப் பெயரும் முழுத் தீர்வல்ல. அதே நாளில், அதே 12-லிருந்து, ஜாமெட்ரி பாக்ஸ் 5-க்கும் பென்சில் பூஜ்யத்துக்கும் போயின. இரண்டுமே வரி விகிதம்தான். ஆனாலும் சேர்ந்து மாறவில்லை. போதாததற்கு, ஆகஸ்டில் விற்ற ஜாமெட்ரி பாக்ஸின் பில்லை அக்டோபரில் மறுபடி அச்சிட்டால் அதில் 12 சதவீதம்தான் இருக்க வேண்டும். ஆகவே வரி விகிதத்துக்கு உரிய இடம், பொருள்வாரியாகவும் தேதிவாரியாகவும் வைத்த அட்டவணை. ஒரு பெட்டிக்கு எத்தனை பென்சில் என்பதற்கு `PENCILS_PER_BOX` என்ற மாறிலியே போதும்.