படத்தில் சுவரை எடுப்பது: தரையும் சீலிங்கும் பிசகாத வழி

ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருக்கும் தடுப்புச்சுவரை இடித்தால் வீடு எப்படி இருக்கும் என்று உரிமையாளருக்குக் காட்ட, உள் அலங்கார வடிவமைப்பாளர்கள் அறையின் புகைப்படத்திலேயே சுவரை நீக்கிப் பார்க்கிறார்கள். சுவரை அழிப்பது இதில் சுலபமான பகுதி. அது மறைத்துக்கொண்டிருந்த தரை, சீலிங், பின்சுவர் ஆகியவற்றின் பெரும்பகுதி படத்தில் இல்லவே இல்லை. அந்த இடத்தை நிரப்புவதுதான் வேலை. நிரப்பிய தரையில் டைல்ஸ் கோடு கொஞ்சம் விலகினாலும், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், படத்தில் ஏதோ பிசகு என்பது உறுத்தும்.

ஓர் அறையை எடுத்துக்கொண்டு இதைப் படிப்படியாகப் பார்க்கலாம். ஹாலின் அகலம் 12 அடி, சீலிங்கின் உயரம் 10 அடி. தரையில் 2 அடிக்கு 2 அடி விட்ரிஃபைட் டைல்ஸ். கேமரா அகலத்தின் நடுவில், 4 அடி உயரத்தில், முக்காலியின் மேல் மட்டமாக நிற்கிறது. அதற்கு எதிரே 12 அடி தூரத்தில் தடுப்புச்சுவர். இடப்பக்கச் சுவரிலிருந்து 7 அடி நீளத்துக்கு வந்து நின்றுவிடுகிறது. வலப்பக்கம் 5 அடி திறப்பு. அந்தத் திறப்பு வழியாகச் சாப்பாட்டு அறையும், கேமராவிலிருந்து 20 அடி தூரத்தில் உள்ள பின்சுவரின் ஒரு பகுதியும் தெரிகின்றன. 18 மில்லிமீட்டர் லென்ஸ், முழுச்சட்டக் கேமரா, படத்தின் அளவு 6000 × 4000 பிக்சல்.

கண்மட்டக் கோடு

அகலக் கோண லென்ஸ் நேர்கோடுகளை ஓரங்களில் வெளிப்புறமாக வளைத்துவிடும். வளைந்த கோட்டை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது. அதனால் போட்டோஷாப்பில் Lens Correction மூலம் முதலில் அந்த வளைவை நேராக்க வேண்டும்.

அடுத்து வேண்டியது கண்மட்டக் கோடு. கேமராவின் உயரத்தில், படத்தின் குறுக்கே ஓடுவதாகக் கொள்ளும் கோடு அது. கேமரா மட்டமாக இருந்தால் அது படத்தின் சரிபாதியில், இங்கே 2000-ஆவது பிக்சல் வரிசையில் அமையும். அறையின் நீளவாக்கில் ஓடும் டைல்ஸ் இணைப்புகளையும், பக்கச்சுவர்கள் சீலிங்கைத் தொடும் விளிம்புகளையும் நீட்டினால், எல்லாம் இந்தக் கோட்டின் மேல் ஒரே மறைபுள்ளியில் கூடும். தரைக்கு ஒரு புள்ளி, சீலிங்குக்கு வேறொரு புள்ளி என்று இருக்க முடியாது. நிரப்பிய படங்களில் தரையும் சீலிங்கும் ஒட்டாமல் போவதற்கு முதல் காரணம், இரண்டையும் தனித்தனியாகக் கண்ணளவில் வரைவதே.

தரை

மறைபுள்ளி டைல்ஸ் கோடுகளின் திசையைச் சொல்லும். குறுக்குக் கோடுகள் எங்கெங்கே விழ வேண்டும் என்பதற்கு ஒரு விதி உண்டு. மட்டமாக நிற்கும் கேமராவுக்கு, தரையில் ஓர் இடத்தின் தூரத்தையும் அது கண்மட்டக் கோட்டுக்கு எத்தனை பிக்சல் கீழே தெரிகிறது என்பதையும் பெருக்கினால், விடை எப்போதும் ஒன்றாகவே இருக்கும். இந்தப் படத்தில் சுவரின் அடி 12 அடி தூரத்தில், 1000 பிக்சல் கீழே இருக்கிறது. பெருக்குத்தொகை 12,000. எனவே 14 அடியில் வரவேண்டிய இணைப்பு 857 பிக்சலிலும், 16 அடியில் 750, 18 அடியில் 667, பின்சுவரின் அடி 600 பிக்சலிலும் விழும். இடைவெளிகள் 143, 107, 83, 67 என்று குறுகிக்கொண்டே போவதைக் கவனிக்கலாம். சம இடைவெளியில் கோடு போட்டால் தரை பின்பக்கம் சரிந்து மேலே ஏறுவதுபோல் தோன்றுவது இதனால்தான்.

இந்தக் கணக்கைத் திறப்பு வழியாகத் தெரியும் தரையோடு ஒப்பிட வேண்டும். அங்கே முதல் இணைப்பு 857-இல் தெரிந்தால், இரண்டு அறைகளின் டைல்ஸும் ஒரே வரிசையில் பதிக்கப்பட்டவை. கோடுகளை அப்படியே இடப்பக்கம் நீட்டிக்கொள்ளலாம். 830-இல் தெரிந்தால் அதன் தூரம் ஏறக்குறைய பதினான்கரை அடி, அதாவது சாப்பாட்டு அறையின் டைல்ஸ் அரை அடி தள்ளிப் பதிக்கப்பட்டிருக்கிறது. சுவர் எழுப்பிய பிறகு அறை அறையாகத் தரை போட்ட வீடுகளில் இது சாதாரணம். அப்போது சுவர் இருந்த இடத்தில் வெட்டிய துண்டு டைல்ஸ் வரிசை ஒன்றைக் காட்டுவதே உண்மை. சுவரை இடித்தபின் கொத்தனாரும் அதைத்தான் செய்வார்.

நிரப்புவதற்கு Vanishing Point என்ற வடிகட்டி உதவும். வெறுமையான புதிய லேயர் ஒன்றைத் திறந்து, அதன் மேல் இதைப் பயன்படுத்தினால் மூலப்படம் கெடாது. ஹாலில் முழுசாகத் தெரியும் டைல்ஸ் தொகுதி ஒன்றின் நான்கு மூலைகளைக் குறித்தால், தரைத்தளம் கட்டமாக உருவாகும். கட்டம் நீலமாக இருந்தால் சரி. மஞ்சளோ சிவப்போ ஆனால் மூலைகள் பொருந்தவில்லை என்று அர்த்தம். பிறகு கட்டத்தைப் பின்சுவர்வரை இழுத்து நீட்டி, முன்னால் உள்ள டைல்ஸைப் பின்னால் நகலெடுக்கலாம். நகலெடுக்கும் தொடக்கப்புள்ளி இரண்டு இணைப்புகள் வெட்டிக்கொள்ளும் இடமாக இருக்க வேண்டும். முன்னால் இருந்து பின்னால் கொண்டுபோகும்போது டைல்ஸ் சிறுத்துக் கூர்மை குறையாமல் அமையும். பின்னால் இருந்து முன்னால் கொண்டுவந்தால் பெரிதாகி மங்கிவிடும்.

சீலிங்கும் பீமும்

கான்கிரீட் தூண்களும் பீம்களும் தாங்கும் கட்டடங்களில் தடுப்புச்சுவர் பெரும்பாலும் பீமின் அடியில் கட்டப்படுகிறது. சுவர் போனாலும் பீம் போகாது. திறப்புக்கு மேலே பார்த்தாலே அது இருக்கிறதா, எவ்வளவு தொங்குகிறது என்பது தெரிந்துவிடும். அதையும் சேர்த்து அழித்துவிட்டு வழவழப்பான சீலிங் காட்டும் படம், கட்ட முடியாத ஒரு வீட்டைக் காட்டுகிறது.

பீமை இருந்தபடியே விட்டால் வேலையும் குறைகிறது. சீலிங் கேமராவுக்கு 6 அடி மேலே இருப்பதால் அதற்கான பெருக்குத்தொகை 18,000. 12 அடி தூரத்தில் சீலிங் 1500 பிக்சல் மேலேயும், பின்சுவர் அருகே 900 பிக்சல் மேலேயும் தெரியும். பீம் 9 அங்குல அகலத்தில், 1 அடி கீழே தொங்கினால், அதன் முன்முகம் 1500-லிருந்து 1250 வரையும், அடிப்பக்கம் 1250-லிருந்து 1176 வரையும் இடம்பிடிக்கும். பீமுக்கு அப்பால் 15 அடி தூரம்வரை உள்ள சீலிங்கை பீமே மறைத்துவிடும். புதிதாக நிரப்ப வேண்டியது 1176-க்கும் 900-க்கும் இடைப்பட்ட பட்டை மட்டும். பீமின் அடிப்பக்கத்தை வரைய மறந்தால் அது அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் தட்டையாகத் தெரியும்.

சீலிங்கில் கோடுகள் குறைவு. அங்கே காட்டிக்கொடுப்பது வெளிச்சம் மெல்ல மாறும் விதம்தான். வெள்ளைப் பரப்பில் நிறத்தைப் படிப்படியாக மாற்றும்போது 8 பிட் கோப்பில் வரிவரியான பட்டைகள் தெரியும். 16 பிட்டில் வேலை செய்து, முடிவில் மூலப்படத்தில் உள்ள அளவுக்குக் குருணைத்தன்மை சேர்த்தால் நிரப்பிய பகுதி தனித்துத் தெரியாது.

பின்சுவருக்கு இன்னொரு படம்

இந்த அறையில் திறப்பு வழியாகப் பின்சுவரின் வலப்பக்கம் நாலேகால் அடி அளவே தெரிகிறது. மீதி ஏழேமுக்கால் அடியை ஊகித்து வரைவதைவிட, சாப்பாட்டு அறைக்குள் போய்ப் பின்சுவரை நேர் எதிரே நின்று இன்னொரு படம் எடுப்பது மேல். முதல் படத்தில் அந்தச் சுவர் 1800 பிக்சல் அகலமும் 1500 பிக்சல் உயரமும் கொண்ட செவ்வகம். புதிய படத்தை அதன் நான்கு மூலைகளுக்கும் பொருத்தினால் போதும். தட்டையான சுவருக்கும் ஜன்னலுக்கும் இது பொருந்தும். மேஜை, நாற்காலி போல ஆழம் உள்ள பொருள்களுக்குப் பொருந்தாது. வேறு இடத்திலிருந்து எடுத்த நாற்காலி வேறு பக்கத்தைத்தான் காட்டும். அவற்றை அகற்றிவிட்டுப் படம் எடுப்பதே வழி.

தரையில் விழும் பிம்பம்

பளபளக்கும் டைல்ஸ் கண்ணாடிபோல் எதிரே இருப்பதைக் காட்டும். சுவர் இருந்தவரை ஹாலின் தரையில் படிந்திருந்தது அந்தச் சுவரின் பிம்பம். சுவரை மட்டும் எடுத்துவிட்டால், இல்லாத சுவரின் நிறம் தரையில் தங்கிவிடும். பின்சுவரில் 3 அடி முதல் 7 அடி உயரம்வரை ஜன்னல் இருந்தால், அதன் பிம்பம் ஜன்னலுக்கு நேர் கீழே, கண்மட்டக் கோட்டிலிருந்து 1050 முதல் 1650 பிக்சல் கீழே தெரிய வேண்டும். தரையில் அந்த இடம் கேமராவிலிருந்து ஏழு முதல் பதினொன்றரை அடி தூரத்துக்குள், அதாவது சுவர் இருந்த இடத்துக்கு இந்தப் பக்கம் அமைகிறது. புதிதாக நிரப்பிய பகுதியில் மட்டும் கவனம் வைப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். ஜன்னல் பகுதியின் நகலைத் தலைகீழாகத் திருப்பி, மங்கலாக்கி, தரையின் மேல் குறைந்த அடர்த்தியில் வைக்க வேண்டும்.

இரண்டு அறைகளின் விளக்குகளும் ஒரே நிறத்தில் எரியாவிட்டால் அதையும் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஒன்றில் மஞ்சள் விளக்கும் மற்றதில் வெள்ளை விளக்கும் இருந்தால், சுவர் இருந்த இடத்தில் நிறம் வெட்டியதுபோல் மாறும். விளக்குகளை அணைத்துப் பகல் வெளிச்சத்தில் மட்டும் படம் எடுத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது.

சரிபார்த்தல்

தரையைச் சோதிக்கப் பழைய முறை ஒன்று இருக்கிறது. இத்தாலியரான லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி 1435-இல் ஓவியக் கலை பற்றி எழுதிய நூலில், கட்டம் போட்ட தரையைச் சரியாக வரைந்ததற்கு அடையாளமாக மூலைவிட்டத்தைக் குறிப்பிட்டார். முன்னால் உள்ள ஒரு டைல்ஸின் எதிரெதிர் மூலைகளை இணைத்து நேர்கோட்டை நீட்டினால், அது பின்னால் உள்ள டைல்ஸ்களின் மூலைகளையும் தொட்டபடி போக வேண்டும். பழைய தரையிலிருந்து புதிய தரைக்குள் நுழையும்போது மூலைகள் விலகினால், இடைவெளிக் கணக்கு தவறியிருக்கிறது. வெட்டிய துண்டு வரிசை இருக்கும் இடத்தில் மட்டும் இந்தச் சோதனையை இருபக்கமும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

சீலிங்குக்கு, கான்ட்ராஸ்டைத் தற்காலிகமாக மிக அதிகமாக்கிப் பார்த்தால், ஒட்டுப்போட்ட விளிம்புகள் வெளியே வந்துவிடும். டைல்ஸில் ஒரே ரேகை மூன்று நான்கு இடங்களில் திரும்ப வந்தால், படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்க்கும்போது கண்ணில் படும்.

எவ்வளவு துல்லியமாக நிரப்பினாலும், சுவரை உண்மையிலேயே இடிக்கலாமா என்பதற்குப் படம் விடை சொல்லாது. பீம் இல்லாமல், கூரையை நேராகத் தாங்கும் சுவரும் படத்தில் இதே சுலபத்தில் மறைந்துவிடும். எனவே இத்தகைய படத்தைக் காட்டும்போது அது மாற்றியமைத்த படம் என்று எழுதிவைப்பதும், உளியை எடுப்பதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம்.