வேகமாக ஓடும் சரக்கு வாசலுக்குப் பக்கத்தில்

இருசக்கர வாகன உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் குடோன்களில் மாலை நான்கு மணிக்கு மேல்தான் வேலை சூடுபிடிக்கும். பகலெல்லாம் மெக்கானிக் கடைகளும் சில்லறைக் கடைகளும் சொன்ன ஆர்டர்கள் பில்லாகிக் குவிந்திருக்கும். பார்சல் லாரி கிளம்புவதற்குள் அத்தனையையும் எடுத்து, சரிபார்த்து, அட்டைப்பெட்டியில் கட்டியாக வேண்டும். கையில் பில்லும் டிராலியுமாகப் பிக்கர்கள் ரேக்குகளுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருப்பார்கள். ஸ்பார்க் பிளக் ஒன்று, கிளட்ச் கேபிள் இரண்டு, பிரேக் ஷூ ஒரு செட். ரேக்கிலிருந்து எடுப்பதற்குச் சில நொடிதான் ஆகும். நேரத்தைத் தின்பது நடை.

பிக்கரின் வேலை நேரத்தில் ஏறக்குறைய பாதி நடப்பதிலேயே போகிறது என்பது கிடங்கு நிர்வாகப் பாடநூல்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு. மீதி நேரம்தான் தேடுவதற்கும், எடுப்பதற்கும், பில்லில் டிக் அடிப்பதற்கும். ஆளைக் கூட்டாமல், இயந்திரம் வாங்காமல் இந்த நடையைக் குறைக்க ஒரு வழி உண்டு. எந்தச் சரக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதை அது ஓடும் வேகத்தைப் பார்த்து முடிவு செய்வது. இப்படி இடம் ஒதுக்குவதைக் கிடங்குக்காரர்கள் ஸ்லாட்டிங் என்கிறார்கள். அதற்குக் கைகொடுப்பது ஏபிசி பகுப்பாய்வு.

ஏபிசி புதிய சங்கதியல்ல. 1951இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஹெச். ஃபோர்டு டிக்கி இதைப் பற்றி எழுதினார். கையிருப்பில் உள்ள பொருள்களில் சிலவற்றில்தான் பெரும்பணம் முடங்கிக் கிடக்கிறது. அவற்றை ஏ என்று பிரித்துக் கவனமாகப் பார்த்துக்கொண்டால் போதும், நட்டுக்கும் போல்ட்டுக்கும் அதே கவனத்தைச் செலவிட வேண்டாம் என்பது அதன் சாரம். கணக்கர்கள் இன்றும் ஆண்டுச் செலவின் ரூபாய் மதிப்பை வைத்துத்தான் ஏ, பி, சி பிரிக்கிறார்கள்.

ஸ்லாட்டிங்கில் இறங்கும் பல குடோன்கள் சறுக்குவதும் இங்கேதான். கணக்குப் பிரிவில் ஏற்கெனவே ஏபிசி பட்டியல் ஒன்று தயாராக இருக்கும். அதையே வாங்கி ரேக்குகளை அடுக்கிவிடுவார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். கிராங்க் ஷாஃப்ட் ஒன்று 4,000 ரூபாய். மாதம் 60 விற்கிறது. மொத்தம் 2,40,000 ரூபாய். ஸ்பார்க் பிளக் ஒன்று 100 ரூபாய்; மாதம் 1,500 விற்கிறது. மொத்தம் 1,50,000 ரூபாய். ரூபாயைப் பார்த்தால் கிராங்க் ஷாஃப்ட்தான் முன்வரிசைக்கு வரும். ஆனால், அதை எடுக்கப் பிக்கர் மாதத்துக்கு 60 முறை போனால் போதும். பிளக்கோ 900 பில்களில் வருகிறது. அத்தனை முறையும் அந்த ரேக்குக்கு நடந்தாக வேண்டும். காலுக்கு ரூபாய்க் கணக்கு தெரியாது. எத்தனை முறை போகிறோம் என்பதுதான் தெரியும்.

எத்தனை எண்ணம் விற்றது என்பதும் சரியான அளவுகோல் அல்ல. வாஷர் மாதத்துக்கு 10,000 விற்கலாம். ஆனால், பாக்கெட் பாக்கெட்டாக 50 பில்களில் மட்டும் போயிருந்தால் அதற்கான நடை 50தான். ஆகவே, ஸ்லாட்டிங்குக்காக எண்ண வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தப் பாகத்தின் பெயர் எத்தனை பில்களில் வந்திருக்கிறது?

இதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. கடந்த மூன்று மாத பில் விவரத்தை எக்செல்லில் இறக்கி, COUNTIF போட்டால் ஒவ்வொரு பாகமும் எத்தனை முறை வந்தது என்று தெரிந்துவிடும். அதைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, மேலிருந்து கூட்டிக்கொண்டே வர வேண்டும். மொத்த எடுப்புகளில் முதல் 75 சதவீதம் எந்தப் பாகத்தோடு நிறைகிறதோ அதுவரை ஏ. அடுத்த 20 சதவீதம் பி. கடைசி 5 சதவீதம் சி. இந்த எல்லைகள் சட்டமல்ல. 70 என்றோ 80 என்றோ வெட்டுபவர்களும் உண்டு.

பலன் எவ்வளவு என்பதை ஒரு மாதிரிக் குடோனை வைத்துப் பார்க்கலாம். 60 மீட்டர் நீளக் கூடம். ஒரு முனையில் டிஸ்பாட்ச் மேசை. மொத்தம் 2,000 பாகங்கள், நாளைக்கு 1,000 எடுப்புகள், ஆறு பிக்கர்கள். சரக்கு பார்ட் நம்பர் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது. அதனால் வேகமாக ஓடுவதும் ஓடாததும் கூடம் முழுக்கக் கலந்து கிடக்கின்றன. சராசரியாகப் போக 30 மீட்டர், வர 30 மீட்டர். ஒவ்வொரு எடுப்புக்கும் தனித்தனியே போய்வருவதாக வைத்துக்கொண்டால் நாளைக்கு 60 கிலோமீட்டர் நடை. ஆளுக்குப் பத்து கிலோமீட்டர்.

இப்போது எடுப்புக் கணக்கின்படி மாற்றி அடுக்குவோம். ஏ வகையில் 400 பாகங்கள் என்றால், அவை மேசையிலிருந்து முதல் 12 மீட்டருக்குள் அடங்கும். போகவர சராசரி 12 மீட்டர். 750 எடுப்புக்கு ஒன்பது கிலோமீட்டர். அடுத்த 18 மீட்டரில் பி வகையின் 600 பாகங்கள். போகவர 42 மீட்டர். 200 எடுப்புக்கு 8.4 கிலோமீட்டர். மீதி 1,000 பாகங்களும் சி. பின்பாதி முழுக்க அவைதான். போகவர 90 மீட்டர். ஆனால் 50 எடுப்புதான் என்பதால் 4.5 கிலோமீட்டர். கூட்டினால் 22 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ரேக் அதே ரேக், ஆள் அதே ஆள். நடை மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

இது காகிதக் கணக்கு. உண்மையில் யாரும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனியாகப் போய்வருவதில்லை. பத்து பாகங்கள் உள்ள பில்லை ஒரே சுற்றில் எடுத்து முடிப்பார்கள். அந்தச் சுற்றின் நீளத்தைத் தீர்மானிப்பது பில்லில் உள்ள மிகத் தொலைவான பாகம். சி வகை மொத்த எடுப்பில் வெறும் 5 சதவீதம்தான் என்றாலும், பத்து பாகங்கள் கொண்ட பில்லில் குறைந்தது ஒரு சி பாகமாவது இருக்க 40 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஐந்தில் இரண்டு பில்கள் பிக்கரைக் கூடத்தின் கோடி வரை இழுத்துவிடும்! காகிதத்தில் தெரிந்த மிச்சத்தில் பெரும்பகுதி இங்கே கரைந்துபோகும்.

இதற்கும் மாற்று வழி இருக்கிறது. சி பாகங்களைப் பில்லிலிருந்து பிரித்துத் தனிப் பட்டியலாக எடுப்பார்கள். ஒரே ஆள் மணிக்கு ஒருமுறை பின்பாதிக்குப் போய் இருபது, முப்பது பில்களின் சி பாகங்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு வருவார். டிஸ்பாட்ச் மேசையில் அவற்றை அந்தந்தப் பெட்டியில் சேர்ப்பார்கள். மற்ற ஐந்து பேரும் முன்பாதியைத் தாண்டவே வேண்டாம். மேசையில் பிரித்துச் சேர்க்கும்போது கவனம் தவறினால் பெட்டி மாறிவிடும் என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை.

எடுப்பு எண்ணிக்கையோடு பொருளின் பருமனையும் பார்க்க வேண்டும். வாசலருகே இடம் கொஞ்சம்தான். அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் ஹெஸ்கெட் 1963இல் இதற்கு ஓர் எளிய வகுத்தலைச் சொன்னார்: பொருளுக்குத் தேவைப்படும் இடத்தை அதன் எடுப்பு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஈவு சிறியதாக உள்ளது வாசலுக்கு அருகில். லெக் கார்டுக்கு 60 கன அடி இடம் வேண்டும், நாளைக்கு 30 எடுப்பு என்றால் ஈவு 2. ஹெட்லைட் பல்புக்கு நான்கு கன அடி, 20 எடுப்பு என்றால் ஈவு 0.2. எடுப்பில் லெக் கார்டு முந்தினாலும் முன்னிடம் பல்புக்குத்தான். லெக் கார்டை முன்னால் வைத்தால் அது பல்பைப் போன்ற பதினைந்து பாகங்களைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

உயரமும் ஒரு தூரம்தான். முன்வரிசையிலேயே இருந்தாலும் ஏணி போட்டு எடுக்க வேண்டிய மேல்தட்டு, பாதி கூடம் நடப்பதற்குச் சமம். ஏ பாகங்களுக்கு இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுகளை ஒதுக்குவார்கள். பேட்டரி, ஆயில் கேன் போன்ற கனமானவை கீழ்த்தட்டுக்கு. மேல்தட்டில் அதே பாகத்தின் உபரிச் சரக்கு இருக்கலாம். கைக்கெட்டும் தட்டில் குறைந்தது ஒருநாள் விற்பனைக்காவது சரக்கு நிற்க வேண்டும். பிக்கர் போய்க் கைவைக்கும்போது தட்டு காலியாக இருப்பது அடிக்கடி நடந்தால், அந்த இடம் சிறியது என்று பொருள்.

மாற்றி அடுக்கிய முதல் வாரத்தில் பெரும்பாலும் தலைகாட்டும் இன்னொரு சிக்கல் நெரிசல். ஏ பாகங்கள் அத்தனையையும் முதல் ஒரு சந்துக்குள் திணித்துவிட்டால், ஆறு டிராலிகளும் அங்கேயே முட்டிக்கொள்ளும். நடை குறைந்தும் பில் முடியும் நேரம் குறையவில்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஏ பாகங்களை எல்லாச் சந்துகளின் வாய்ப்பகுதியிலும் பரப்பி வைத்தால் நெரிசல் தளரும்.

இன்றைய ஏ என்றைக்கும் ஏ அல்ல. மழைக்காலத்தில் வண்டிக் கவரும் மழைக்கோட்டும் முன்னுக்கு வரும். தையில் பின்னுக்குப் போகும். உற்பத்தி நின்றுபோன மாடலின் பாகங்கள் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல சிக்கு இறங்கும். புது மாடலின் பாகங்களுக்குப் பழைய பில் கணக்கே இருக்காது. முந்தைய மாடலின் அதே பாகம் எப்படி ஓடியதோ அதை வைத்துத்தான் தற்காலிக இடம் கொடுக்க முடியும். ஆகவே, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கணக்கைப் புதுப்பிக்க வேண்டும்.

அதற்காக ஒவ்வொரு முறையும் குடோனையே கலைக்கத் தேவையில்லை. ஒரு பாகத்தை 50 மீட்டர் தூரத்திலிருந்து பத்து மீட்டருக்குக் கொண்டுவந்தால், தனி நடைக்கு 80 மீட்டர் மிச்சம். மெதுவான நடையில் அது சுமார் 80 நொடி. இடம் மாற்ற இரண்டு பேருக்கு அரைமணி நேரம், அதாவது ஓர் ஆள்மணி ஆகிறது என்று வைத்தால், 45 எடுப்புகளில் அந்தச் செலவு திரும்பிவிடும். நாளைக்குப் பத்து முறை எடுக்கும் பாகத்துக்கு ஐந்து நாள் போதும். வாரம் ஒருமுறை எடுக்கும் பாகத்துக்குப் பத்து மாதத்துக்கு மேல் ஆகும். அதைத் தொட வேண்டாம்.

சரக்கை நகர்த்தும்போது கணினியில் உள்ள இட எண்ணையும் அதே நேரத்தில் மாற்றியாக வேண்டும். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், மறுநாள் மாலை பிளக் இருந்த இடத்தில் கேபிளைப் பார்த்துப் பிக்கர் திகைத்து நிற்பார். அந்த ஒரு தேடலில் பத்து எடுப்புகளின் மிச்சம் போய்விடும். இடமாற்றத்தைப் பில் ஓடாத நேரத்தில், அன்றைக்கு முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் செய்வது நல்லது.

இதை முயன்று பார்க்க நினைக்கும் வியாபாரிகள் 2,000 பாகங்களோடு தொடங்க வேண்டாம். மூன்று மாத பில்களை எண்ணி, அதிகம் எடுக்கப்பட்ட முதல் 50 பாகங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று கூடத்தின் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வையுங்கள். புள்ளிகள் டிஸ்பாட்ச் மேசையிலிருந்து தள்ளிச் சிதறியிருந்தால், முதலில் அந்த 50ஐ மட்டும் முன்னால் கொண்டுவாருங்கள். லாரி கிளம்பும் முன் பில்கள் முடியும் நேரத்தை இரண்டு வாரம் குறித்து வந்தால், மேற்கொண்டு செய்யலாமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.